நீலக் கோட்டைக் காணோம்

ஐகன் வெக்டரை ஒருவருக்கு முதன்முதலில் காட்ட எந்த மேட்ரிக்ஸ் நல்லது என்பதில் எனக்கும் என் அலுவலக நண்பர் ஒருவருக்கும் நீண்ட நாள் சண்டை. அவர் சமச்சீர் மேட்ரிக்ஸ் கட்சி. இரண்டு திசை, ஒன்றுக்கொன்று செங்குத்து, ஒன்றில் இழுபடும், இன்னொன்றில் குறைவாக இழுபடும், பார்க்கவும் அழகு என்பார். நான் அப்போதெல்லாம் பெரிய கருத்து இல்லாமல் தலையாட்டிக்கொண்டிருந்தேன். இப்போது படத்தைப் பக்கவாட்டில் சாய்க்கும் ஷியர் மேட்ரிக்ஸ்தான் முதலில் வர வேண்டும் என்று பிடிவாதமாகச் சொல்கிறேன். அதற்குக் காரணம் என் அக்கா மகள். மெக்கானிக்கல் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். விடுமுறைக்கு வீட்டுக்கு வந்திருந்தவள், ஸ்ட்ரென்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் புத்தகத்தில் மோர் வட்டம் பக்கத்தை விரித்து வைத்துக்கொண்டு, "மாமா, இந்த பிரின்சிபல் பிளேன்னா என்ன? ஐகன் வெக்டர்னு போட்டிருக்கு" என்றாள்.

"ஐகன் வெக்டர் உனக்கு ஃபர்ஸ்ட் செமஸ்டர்லயே வந்திருக்குமே?"

"வந்துச்சு. பதினாறு மார்க்கும் வாங்கினேன்."

உண்மைதான். அவள் படித்த அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 பாடத்திட்டத்தில் முதல் செமஸ்டர் கணக்கின் முதல் யூனிட்டே அதுதான். மூன்றுக்கு மூன்று மேட்ரிக்ஸ் கொடுப்பார்கள். கேரக்டரிஸ்டிக் ஈக்வேஷன் எழுதி, மூன்று லாம்டாவைக் கண்டுபிடித்து, ஒவ்வொன்றாகப் போட்டு, குறுக்குப் பெருக்கல் விதியில் வெக்டரை எடுக்க வேண்டும். அவள் கண்ணை மூடிக்கொண்டு செய்வாள். என் முன்னாலேயே ஒன்றைப் போட்டுக் காட்டினாள், ஒரு பிழை இல்லை. சரி, இந்த விடைக்கு என்ன அர்த்தம் என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அதிகமா இழுபடுற திசை" என்றாள்.

இந்தப் பதில் எங்கிருந்து வந்தது என்று எனக்கு உடனே தெரிந்தது. அதே யூனிட்டின் கடைசியில் பயன்பாடு என்று ஒன்றே ஒன்று இருக்கிறது. மீள்தன்மையுள்ள ஒரு சவ்வை இழுப்பது பற்றியது. வழக்கமாகக் கொடுக்கும் மேட்ரிக்ஸில் மேல் வரிசை 5, 3. கீழ் வரிசை 3, 5. ஐகன் மதிப்புகள் 8, 2. சவ்வில் வரைந்த வட்டம் நீள்வட்டம் ஆகிறது. 45 டிகிரியில் எட்டு மடங்கு, 135 டிகிரியில் இரண்டு மடங்கு. நீள்வட்டத்தின் நெட்டச்சு ஐகன் வெக்டர், குற்றச்சு இன்னொரு ஐகன் வெக்டர். படத்தைப் பார்க்கும் எந்தப் பிள்ளையும் எடுத்துக்கொள்ளும் பொருள், ஐகன் வெக்டர் என்றால் அதிகம் இழுபடும் திசை, அல்லது குறைவாக இழுபடும் திசை என்பதுதான். அந்தப் படத்தில் அது தப்பும் இல்லை. அதனால்தான் அந்தப் பொருள் அப்படியே தங்கிவிடுகிறது.

கட்டத்தைச் சாய்த்தபோது

விளக்கம் சொல்லிப் பயனில்லை என்று லேப்டாப்பைத் திறந்தேன். சமச்சீர் மேட்ரிக்ஸ் வேண்டாம், எல்லாம் கோணலாகப் போகும் ஒன்றை எடுப்போம் என்று ஷியரை எடுத்தேன். மேல் வரிசை 1, 1. கீழ் வரிசை 0, 1. இதைவிட எளிதான மேட்ரிக்ஸ் கிடையாது. (x, y) என்ற புள்ளி (x + y, y) என்ற இடத்துக்குப் போகிறது. உயரம் மாறாது. எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அவ்வளவு தூரம் வலப்பக்கம் நகரும். அடியில் இருக்கும் சீட்டை விரலால் பிடித்துக்கொண்டு ஒரு சீட்டுக்கட்டைப் பக்கவாட்டில் தள்ளினால் எப்படிச் சாயுமோ, அப்படி. என்ன, இங்கே பிடித்திருக்கும் சீட்டு கட்டின் நடுவில் இருக்கிறது. அதற்குக் கீழே உள்ளவை இடப்பக்கம் போகும்.

முதலில் வெறும் கட்டத்தை மட்டும் வரைந்தோம். சதுரங்கள் எல்லாம் இணைகரமாகச் சாய்ந்தன. பரப்பு மாறவில்லை, டிட்டர்மினன்ட் 1 என்று அவளே சொன்னாள். "இதுல ஐகன் வெக்டர் எது?" என்றேன். தயங்காமல் இணைகரத்தின் நீண்ட மூலைவிட்டத்தைக் காட்டினாள். அதுதானே இழுபட்டிருக்கிறது.

கட்டத்தை மட்டும் பார்த்தால் ஒரு சிக்கல் உண்டு. சாய்ந்த பிறகான படம் மட்டும்தான் கண்ணில் இருக்கும். எந்தக் கோடு எங்கிருந்து வந்தது என்பது மறந்துவிடும். அதனால் நடுப்புள்ளியிலிருந்து 30 டிகிரிக்கு ஒன்றாகப் பன்னிரண்டு கோடுகள் போட்டோம். ஷியருக்கு முந்தைய கோடு நீலம், அதே கோடு ஷியருக்குப் பிறகு சிவப்பு. முழு நிரல் இவ்வளவுதான்:

```python
import numpy as np
import matplotlib.pyplot as plt

A = np.array([[1, 1], [0, 1]])

for k in range(-3, 4):
    for p in ([[-3, 3], [k, k]], [[k, k], [-3, 3]]):
        x, y = A @ np.array(p)
        plt.plot(x, y, color="lightgray")

for d in range(0, 360, 30):
    r = np.radians(d)
    v = 2 * np.array([np.cos(r), np.sin(r)])
    w = A @ v
    plt.plot([0, v[0]], [0, v[1]], color="blue")
    plt.plot([0, w[0]], [0, w[1]], color="red")

plt.axis("equal")
plt.show()
```

செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு இரண்டு விஷயம். `plt.axis("equal")` என்ற வரியை விட்டுவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் மேட்பிளாட்லிப் தன் இஷ்டத்துக்கு இரண்டு அச்சையும் வேறு வேறு அளவில் நீட்டிவிடும், திரையில் தெரியும் கோணம் எதையும் நம்ப முடியாது. இரண்டாவது, 30-ஐ 15 ஆக்க வேண்டாம். ஆக்கினால் 90 டிகிரிக் கோடு சாய்ந்து நேராக 45 டிகிரி நீலக் கோட்டின் மேல் போய்ப் படுத்துக்கொள்ளும். அது வேறொரு கோட்டின் சிவப்பு என்பது பார்ப்பவருக்குத் தெரியாது. பாடமே கெட்டுவிடும்.

படம் வந்ததும் அவள் முதலில் பார்த்தது மிக நீளமான சிவப்பைத்தான். "இதான் மாமா" என்று விரலை வைத்தாள். அது 60 டிகிரியில் இருந்த கோடு. அது 1.62 மடங்கு நீண்டிருக்கிறது. இதன் நீலம் எங்கே என்றேன். தேடினாள். நீலம் 60 டிகிரியில் இருக்கிறது, சிவப்பு 32 டிகிரியில் கிடக்கிறது. இடையில் 28 டிகிரி திரும்பியிருக்கிறது.

"சரி, திரும்பினா என்ன? இழுபட்டுச்சுல்ல?"

நான் பதில் சொல்லவில்லை. தாளில் `Av = λv` என்று எழுதி முன்னால் வைத்தேன். அதை அவள் எத்தனையோ முறை எழுதியிருப்பாள். வலது பக்கம் இருப்பது அதே v, முன்னால் ஓர் எண். எண்ணால் பெருக்கினால் கோடு நீளும், குறுகும், எதிர்ப்பக்கம் திரும்பி நிற்கும். ஆனால் 60 டிகிரியிலிருந்து 32 டிகிரிக்குப் போகவே போகாது. அவள் அதைப் பார்த்தாள், படத்தைப் பார்த்தாள், பிறகு ஒவ்வொரு கோடாக எடுத்துச் சோதிக்க ஆரம்பித்தாள். 30 டிகிரிக் கோடு 20-க்குப் போயிருக்கிறது. 90 இருந்தது 45-க்கு. 120 இருந்தது 67-க்கு வந்துவிட்டது, 53 டிகிரித் திருப்பம். 150 இருந்தது 126-க்கு வந்து, நீளம் வேறு 0.62 மடங்காகக் குறைந்துபோயிருந்தது. கீழ்ப்பாதியிலும் அதேதான், எதிர்ப்பக்கத்தில். எல்லாக் கோடும் கடிகாரம் சுற்றும் பக்கமாகவே திரும்பியிருந்தன. எந்த நீலத்துக்கும் அதன் சிவப்பு மேலே இல்லை.

கடைசியாகக் கிடையாக இருக்கும் கோட்டுக்கு வந்தாள். கொஞ்சம் முகத்தைச் சுருக்கிவிட்டு, "மாமா, இதுக்கு மட்டும் நீலம் போட விட்டுட்டீங்க. கோட்ல தப்பு இருக்கு" என்றாள்.

நிரலை மேலும் கீழும் பார்த்தாள். 0 டிகிரியில்தான் தொடங்குகிறது, நீலம் வரையும் வரி அதற்கும் சேர்த்துத்தான் ஓடுகிறது. சிவப்பு வரியின் முன்னால் ஒரு # போட்டு ஓட்டினாள். கிடைக்கோட்டில் நீலம் இருந்தது. # எடுத்துவிட்டு ஓட்டினாள். நீலம் போய்விட்டது. இரண்டு மூன்று முறை இப்படியே செய்தாள். நான் வாயைத் திறக்கவில்லை, திறந்திருந்தால் கெடுத்திருப்பேன். அப்புறம் மெதுவாக, "நீலம் இருக்கு. சிவப்பு சரியா அது மேலயே உக்காந்திருக்கு. அது திரும்பவே இல்ல" என்றாள். ஒரு நிமிடம் கழித்து, கொஞ்சம் கோபத்தோடு: "ஆனா அது இழுபடவும் இல்லியே மாமா. அதுக்கு ஒண்ணுமே ஆகல."

அவளை இத்தனை நாள் தடுத்துக்கொண்டிருந்தது அந்தக் கடைசி வாக்கியம்தான் என்று நினைக்கிறேன். ஒன்றுமே ஆகாத கோட்டை யாரும் விடை என்று எண்ண மாட்டார்கள். பதினாறு மார்க் கேள்விக்கான விடை படத்திலேயே ஆர்ப்பாட்டமான கோடாக இருக்க வேண்டும் என்று மனம் எதிர்பார்க்கிறது. ஆனால் லாம்டா 1 என்றால் `Av = v`. ஒன்றும் ஆகவில்லை என்பதே அந்தச் சமன்பாடு சொல்லும் செய்தி. இந்தப் படத்தில் மிக அதிகமாக இழுபட்ட கோடும் ஐகன் வெக்டர் இல்லை, மிகக் குறைவாக இழுபட்ட கோடும் இல்லை. கொஞ்சமும் இழுபடாமல் கிடந்த ஒன்றுதான் ஐகன் வெக்டர். சவ்வுப் படத்தை எத்தனை முறை பார்த்தாலும் இது கிடைக்காது. அதில் திரும்பாத கோடும் அதிகம் இழுபட்ட கோடும் ஒன்றாகவே இருப்பதால், எதைப் பார்க்கச் சொல்கிறார்கள் என்று பிரித்தறிய வழியே இல்லை. ஷியர் அந்த இரண்டையும் தனித்தனியாகப் பிரித்துப் போடுகிறது.

கைக்கணக்கு என்ன செய்துகொண்டிருந்தது

இதற்குப் பிறகு அவள் தானாகவே தாளை இழுத்துக்கொண்டாள். கேரக்டரிஸ்டிக் ஈக்வேஷன் `λ² − 2λ + 1 = 0`. விடை 1, 1. அடுத்து வழக்கம்போல `A − λI`. மூலைவிட்டத்திலிருந்து 1 கழித்தால் மேல் வரிசை 0, 1. கீழ் வரிசை 0, 0. அங்கே பேனாவை நிறுத்தினாள்.

இந்த `A − I` என்பதைப் படத்தோடு வைத்துப் பார்க்கச் சொன்னேன். A என்பது புள்ளி போய்ச் சேர்ந்த இடத்தைத் தருகிறது. I என்பது அது இருந்த இடம். கழித்தால் கிடைப்பது, புள்ளி எவ்வளவு நகர்ந்தது என்பது. (x, y) என்ற புள்ளிக்கு நகர்வு (y, 0). நகர்வே இல்லாத புள்ளிகள் எவை என்றால், y பூஜ்ஜியமாக இருப்பவை. அதாவது கிடைக்கோடு முழுவதும். `(A − λI)v = 0` என்று எழுதித் தீர்க்கும்போதெல்லாம் இதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தோம்: கோட்டை லாம்டா மடங்கு நீட்டியிருந்தால் எங்கே இருந்திருக்குமோ, அங்கிருந்து சற்றும் விலகாத வெக்டர் எது? லாம்டா 1 என்பதால் இங்கே கேள்வி இன்னும் எளிதாகிவிட்டது: இருந்த இடத்தைவிட்டு நகராதது எது?

"அப்போ டிட்டர்மினன்ட் பூஜ்ஜியம்னு போடுறது?"

அதுவும் அவளுக்கு விதியாக மட்டுமே தெரிந்திருந்தது. `A − I` போட்ட பிறகு கட்டத்தை வரைந்து பார்த்தோம். நிரலில் A-க்குப் பதில் அதைக் கொடுத்தால் போதும். மொத்தக் கட்டமும் நசுங்கி ஒரே ஒரு கிடைக்கோடாகிவிட்டது. பரப்பு பூஜ்ஜியம். அப்படி நசுங்கும்போதுதான் ஏதோ ஒரு திசை முழுவதும் நடுப்புள்ளிக்குள் போய் மறையும். நசுங்காமல் கட்டம் கட்டமாகவே இருந்தால், பூஜ்ஜியத்துக்குப் போவது பூஜ்ஜிய வெக்டர் மட்டும்தான், அது நமக்கு வேண்டாம். ஆக, டிட்டர்மினன்ட்டைப் பூஜ்ஜியமாக்கும் லாம்டாவைத் தேடுவது, எந்த நீட்டல் அளவைக் கழித்தால் படம் நசுங்கும் என்று தேடுவது. 0.9 போட்டுப் பார்த்தாள், மெலிந்த இணைகரங்கள். 1.1 போட்டாள், அதுவும் மெலிந்த இணைகரங்கள்தான். 1-இல் மட்டும் கோடு.

இதற்கு நடுவே அவள் ஒரு நல்ல கேள்வி கேட்டாள். y = 2 என்ற உயரத்தில் இருக்கும் கிடைக்கோடும் சாயவில்லையே, அதுவும் ஐகன் வெக்டர்தானா? கட்டத்தைப் பார்த்தால் நியாயமான சந்தேகம். எல்லாக் கிடைக்கோடும் கிடையாகவே இருக்கின்றன. ஆனால் அந்தக் கோட்டின் மேல் இருக்கும் ஒரு புள்ளியை நடுப்புள்ளியிலிருந்து பார்த்தால் கதை வேறு. (1, 2) இருந்தது (3, 2) ஆகிறது, 63 டிகிரியிலிருந்து 34 டிகிரிக்குத் திரும்பிவிட்டது. அந்த உயரத்தில் கோடு தன் மேலேயே வழுக்கிக்கொண்டு போகிறது, அதனால் நகர்வு கண்ணுக்குத் தெரிவதில்லை. அதே உயரத்தில் ஒரு புள்ளியிலிருந்து இன்னொரு புள்ளிக்குப் போகும் அம்புக்குறியை எடுத்தால், அது (1, 0), ஷியருக்குப் பிறகும் (1, 0). அம்பு ஐகன் வெக்டர்தான், ஆனால் அது புதிது இல்லை, நடுவில் இருக்கும் அதே திசை. அம்பை எங்கே வைத்து வரைந்தாலும் வெக்டர் ஒன்றுதான். இந்த இடத்தில் பலர் வழுக்குவார்கள். நடுப்புள்ளியிலிருந்து ஆரம்போலக் கோடுகள் போட்டதற்கு இதுவும் ஒரு காரணம்.

இரண்டாவது வெக்டர் எங்கே

லாம்டா இரண்டு தடவை வந்திருக்கிறது, 1, 1. அதனால் வெக்டரும் இரண்டு வேண்டும் என்று அவள் கை தானாகவே எழுத ஆரம்பித்தது. முதல் வெக்டர் (1, 0). இரண்டாவதற்கு, முதலாவதற்குச் செங்குத்தாக ஒன்றை எடுக்கிறேன் என்று (0, 1) என்று எழுதினாள். தேர்வுக்குப் படித்தவர்களுக்கு இந்தப் பழக்கம் எங்கிருந்து வருகிறது என்று தெரியும். சமச்சீர் மேட்ரிக்ஸில் லாம்டா திரும்ப வந்தால் l, m, n என்று வைத்து, ஏற்கெனவே கிடைத்தவற்றுக்குச் செங்குத்தாக மூன்றாவதைக் கண்டுபிடிக்கச் சொல்லித் தருகிறார்கள். அங்கே அது சரி. சமச்சீர் மேட்ரிக்ஸுக்கு அந்த வசதி உண்டு. ஷியருக்கு அந்த வசதி கிடையாது.

திரும்பப் பெருக்கிப் பார் என்றேன். A-ஐ (0, 1) மேல் போட்டால் (1, 1). படத்திலேயே பார்த்ததுதான், 90 டிகிரிக் கோடு 45-க்குப் போய்விட்டது. இந்த ஒரு வரிச் சோதனையை ஏன் யாரும் செய்வதில்லை என்பது எனக்குப் புரிவதில்லை. வெக்டரைக் கண்டுபிடிக்க அரைப் பக்கம் ஆகிறது, சரிபார்க்க அரை நிமிடம் போதும்.

கம்ப்யூட்டர் என்ன சொல்கிறது என்று பார்க்கலாம் என்று `np.linalg.eig(A)` கொடுத்தாள். அதுவும் இரண்டு வெக்டர் தந்தது. "பாத்தீங்களா, ரெண்டு இருக்கு" என்றாள். நெடுக்கு வரிசை ஒவ்வொன்றும் ஒரு வெக்டர்:

```
[[ 1.00000000e+00, -1.00000000e+00],
 [ 0.00000000e+00,  2.22044605e-16]]
```

முதலாவது (1, 0). இரண்டாவது (−1, ஏறக்குறைய பூஜ்ஜியம்). 2.2-ஐப் பத்தின் 16-ஆம் அடுக்கால் வகுத்தால் வரும் அளவு. டபுள் பிரிசிஷனில் எண்களைச் சேமிக்கும்போது விழும் தூசு அது. தூசைத் துடைத்துவிட்டால் இரண்டாவது வெக்டர் முதலாவதையே இடப்பக்கம் திருப்பி வைத்தது. நம்பைக்கு மேட்ரிக்ஸின் அளவுக்கு ஏற்ப இரண்டு வெக்டர் நிரப்பித் தர வேண்டிய கட்டாயம். அவை இரண்டும் உண்மையில் வேறு வேறு திசைதானா என்று அது சொல்லாது. அந்த இரண்டையும் சேர்த்த மேட்ரிக்ஸுக்கு `np.linalg.matrix_rank` கேட்டால் 1 என்று வரும், அப்போது தெரிந்துவிடும். என் வேலையிலேயே இப்படி வந்த வெக்டர்களை அப்படியே எடுத்து இன்வர்ஸ் போட்டு, விடையில் பிரம்மாண்டமான எண்கள் வந்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன். ஷியரை டயகனலைஸ் செய்ய முடியாது என்று புத்தகத்தில் ஒரு வரியாக இருப்பது இதைத்தான். பன்னிரண்டு கோட்டுப் படத்தைப் பார்த்தவருக்கு அது தேற்றமாகப் படாது. திரும்பாத திசை ஒன்றுதான் இருந்தது, இரண்டு அச்சுக்கு எங்கே போவது?

இதோடு விட்டுவிடலாம் என்று நினைத்தேன். அவள் விடவில்லை. சவ்வு மேட்ரிக்ஸையும் அதே நிரலில் போட்டாள். சிவப்பு எல்லாம் மிகவும் நீண்டு நீலம் சிறுத்துப்போனதால் மேட்ரிக்ஸ் மொத்தத்தையும் 4-ஆல் வகுத்தாள், கோணம் 30-ஐ 45 ஆக்கினாள். இந்தத் தடவை 45 டிகிரியில் சிவப்பு நீலத்தின் மேலேயே கிடந்து அதைத் தாண்டி நீண்டிருந்தது. 135-இல் சிவப்பு நீலத்தின் மேலேயே பாதி தூரத்தில் நின்றுவிட்டது, மீதிப் பாதியில் நீலம் வெளியே தெரிந்தது. 0 டிகிரிக் கோடு 31-க்கும், 90 டிகிரிக் கோடு 59-க்கும் திரும்பியிருந்தன. "இங்க திரும்பாதது இழுபட்டும் இருக்கு, அதனாலதான் எனக்குக் குழம்புச்சு" என்று அவளாகவே சொன்னாள். என் அலுவலக நண்பர் அங்கே இருந்திருக்க வேண்டும்.

45 டிகிரி

அவள் கொண்டு வந்த கேள்வி இன்னும் அப்படியே இருந்தது. மோர் வட்டம் பக்கத்தில், ஷியர் மட்டும் உள்ள ஒரு பொருளுக்கு பிரின்சிபல் திசை 45 டிகிரி என்று போட்டிருக்கிறது. "நாம இப்பதான் ஷியருக்கு ஐகன் வெக்டர் கிடைக்கோடுன்னு பார்த்தோம். புக்ல 45-ங்கிறான். எது சரி?"

ஷியரில் தொடங்கினால் இந்த முட்டல் வந்தே தீரும். வரட்டும் என்பது என் கட்சி. புத்தகம் எழுதும் மேட்ரிக்ஸ் நாம் வரைந்த மேட்ரிக்ஸ் இல்லை. பொருளுக்குள் ஸ்ட்ரெய்ன் எவ்வளவு என்று கேட்பவருக்கு, அந்தத் துண்டு மொத்தமாகத் திரும்பியதில் அக்கறை இல்லை. திரும்புவதால் மட்டும் இரும்பு உடையாது, இழுபட்டால்தான் உடையும். ஆகவே ஷியரின் நகர்வை இரண்டாகப் பிரிக்கிறார்கள். நகர்வு மேட்ரிக்ஸின் வலது மேல் மூலையில் இருக்கும் ஷியர் அளவை s என்று வைத்து, அதை ஆளுக்குப் பாதியாக இரண்டு மூலையிலும் வைத்தால் ஒரு சமச்சீர் மேட்ரிக்ஸ்: 0, s/2, s/2, 0. மிச்சமிருப்பது ஒரு சிறிய சுழற்சி, அதைத் தள்ளிவிடுகிறார்கள். சமச்சீர் பகுதிக்கு ஐகன் மதிப்பு s/2, −s/2. திசைகள் 45, 135. ஒன்றில் இழுவை, ஒன்றில் அமுக்கம். சாக்பீஸை இரண்டு முனையிலும் பிடித்து முறுக்கினால் 45 டிகிரி சாய்வில் சுருள் போல உடைவது இதனால்தான். சாக்பீஸ் அமுக்கத்தைத் தாங்கும், இழுவையைத் தாங்காது.

அவளுடைய முதல் பதிலான "அதிகமா இழுபடுற திசை" இங்கே திரும்ப வந்துவிட்டது, ஆனால் சரியான கேள்விக்கு விடையாக. நம் படத்தில் அதிகம் இழுபட்டது 60 டிகிரிக் கோடு என்று பார்த்தோம். துல்லியமாகக் கணக்குப் போட்டால் 58.28 டிகிரி, 1.618 மடங்கு. புத்தகத்தின் 45-க்கும் இதற்கும் 13 டிகிரி இடிக்கிறதே என்றாள். நம் ஷியர் பெரியது, s = 1. இரும்புத் தண்டில் அவ்வளவு சாய்வு வருவதற்குள் அது எப்போதோ வளைந்து, கிழிந்து போயிருக்கும். s-ஐ 0.02 ஆக்கிப் பார்க்கச் சொன்னேன். அதிகம் இழுபடும் திசையைக் கண்டுபிடிக்க `A.T @ A` என்ற சமச்சீர் மேட்ரிக்ஸின் ஐகன் வெக்டரை எடுத்தாள். 45.29 டிகிரி வந்தது. இழுவை 1.01005 மடங்கு. சமச்சீர் பாதி சொல்லும் s/2, அதாவது 0.01, அதற்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது.

"மீதி 0.29 டிகிரி எங்க போச்சு?"

s-இன் வர்க்கத்தோடு சேர்த்து உன் புத்தகம் அதைத் தூக்கிப் போட்டுவிட்டது என்றேன். 0.02-இன் வர்க்கம் 0.0004, யாரும் தேடி வர மாட்டார்கள். ரப்பர் புஷ், சீல் போன்ற பெரிதாகச் சாயும் பொருள்களில் மட்டும் தேடி வருவார்கள், அங்கே மோர் வட்டத்தின் 45 செல்லாது. அவள் s-ஐ 0.1, 0.3, 0.5 என்று ஏற்றிக்கொண்டே போய் ஒவ்வொன்றுக்கும் கோணத்தை நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாள். சாப்பிட வரச்சொல்லி அக்கா கூப்பிட்டதற்கு, "இன்னும் சுழற்சி மேட்ரிக்ஸ் போட்டுப் பார்க்கல, அதுல நீலம் ஒண்ணுகூட மறையாதுல்ல மாமா?" என்று என்னிடம் பதில் சொன்னாள்.